எட்டு குறுக்குக் கம்பிகள்

ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் புது ஷெட் போட்டபோது, கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களான டிரஸ்களை ஏற்றும் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் இருந்தார். நான் கீழே இரும்புக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தேன். அஞ்சாவதோடு படிப்பை விட்டவள். ஆம்பளைகள் முன்னால் வாய் வராது.

செங்கல் தூண்கள்மேல் முக்கோண டிரஸ்களை வரிசையாக நிறுத்தி, நீளவாட்டில் ஓடும் பர்லின் என்ற இரும்பு ஆங்கிள்களால் தலைகளை இணைத்துவிட்டார்கள். ஆனால் நான் பெயின்ட் அடித்த எட்டு கம்பிகள் கீழேயே கிடந்தன. ஷெட்டின் இரண்டு கோடியிலும், கூரைச் சரிவில் பெருக்கல் குறி மாதிரி கட்ட வேண்டியவை அவை. போல்ட் ஓட்டை சேரவில்லை என்று தள்ளிப்போட்டார்கள். தோல்காரர்களுக்கு நீளமான கம்பி கண்ணில் பட்டால் கை சும்மா இருக்குமா? மறுநாளே உலர்த்துமிடத்தில் அவற்றைக் கட்டி ஈரத்தோலைத் தொங்கவிட்டார்கள்.

கம்பி மாட்டாமல் மேலே ஏறுவது சரியில்லை என்று சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மேஸ்திரியைக் கேட்டார்.

"இன்னாய்யா, உன் வீட்டம்மா இஞ்சினியரா? அந்தக் கம்பி எந்த வெயிட்டத் தாங்குது? கூரை ஷீட்ட ஏத்து மொதல்ல, மொதலாளி பாய் பேஜார் பண்றாரு."

"எல்லா டிரஸ்ஸும் சேர்ந்து ஒரே பக்கம் சாயும் மேஸ்திரி. பர்லின் அதோடவே போவும்."

"பத்து ஷெட் போட்டேன், ஒண்ணாவது சாஞ்சுதா? பயமா இருந்தா எறங்கி வீட்டுக்குப் போ."

வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஏறினார். ஷீட் இழுக்கக் கயிறு போதவில்லை. கோடி டிரஸ்ஸை இழுத்துப் பிடித்திருந்த கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டார்கள்.

ஆடி மாதம். மத்தியானம் காற்று ஷெட்டின் நீளவாட்டில் வந்தது. பாதிக் கூரையில் ஷீட் இருந்தது. முதல் டிரஸ் மெதுவாகச் சாய்ந்தது, மற்றவையும் கூடவே சாய்ந்தன. நான் பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றேன். ஒரு டிரஸ்கூட முறியவில்லை. எல்லாம் முழுசாக, ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. அவர் நடுவில் இருந்தார்.

உயிர் போகவில்லை. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

இரண்டு மாதத்தில் அதே மேஸ்திரி டிரஸ்களை மறுபடி ஏற்றினார். எனக்குப் போக மனமில்லை. ஆனால் வீட்டில் வேறு யார் சம்பாதிப்பது? மறுபடியும் பெயின்ட் டப்பாவோடு போய் நின்றேன். ஒரு கோடியில் நாலு கம்பி மாட்டினார்கள். மற்ற நாலிலும் தோல் தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் ஒருமுறை அவற்றைக் கைகாட்டினேன். "தோல் காஞ்சதும் எடுத்து மாட்டிக்கலாம்மா," என்றார். கடைசி ஷீட் ஏறும்வரை யாரும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் படுக்கையிலிருந்து அவர் கேட்டார்: "இந்தத் தபா கம்பி மாட்னாங்களா?"

"மாட்னாங்க."

"எட்டுமா?"

கஞ்சியை ஆற்றிக்கொண்டே, "எட்டும்," என்றேன். "அப்ப மேல ஏறினவங்களுக்கு பயமில்ல," என்று அவர் கஞ்சிக்குக் கையை நீட்டினார்.