ஒற்றை மேற்கோளும் வெட்டுத் தேதியும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கரும்பு விவசாயிகளுக்கு என்றைக்கு வெட்டு ஆட்கள் வருவார்கள் என்று செல்போனில் செய்தி அனுப்பும் மென்பொருளை அங்கே எழுதினோம். முதலில் நாங்கள் மூன்று பேர். நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். மற்ற இருவரும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவன் நெல்லிக்குப்பத்துக் கரும்புக்காரர் மகன், இன்னொருவன் கடற்கரை ஊரில் மீன்பிடிக் குடும்பத்துப் பையன். மச்சான் என்றுதான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அந்த மச்சான்களுக்குள் சண்டை வந்தது, மேற்கோள் குறியால்.

ஒருவர் எழுதும் நிரலை, எங்கள் பேச்சில் கோடை, இன்னொருவர் படித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் மென்பொருளில் சேர்ப்போம். கடற்கரைக்காரனுக்கு ஒற்றை மேற்கோள் வேண்டும், நெல்லிக்குப்பத்தானுக்கு இரட்டை. வரியைத் தள்ளி எழுத கடற்கரைக்காரன் டேப் தட்டுவான், மற்றவன் ஸ்பேஸ் வைப்பான். படித்துப் பார்க்கும்போது எழுதும் குறிப்பெல்லாம் இதைப் பற்றியே இருக்கும். "இதை மாத்து", "ஏன் மாத்தணும்?", "அசிங்கமா இருக்கு". கடைசியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு திரை வழியாக மட்டும் பேசினார்கள். நடுவில் நான் இருந்தேன். சாப்பாட்டு நேரம் சங்கடமாக இருந்தது.

அப்போதுதான் நான்காவதாக ஒரு பெண் சேர்ந்தாள். அவளுக்கும் சிதம்பரம்தான். ஒரு நாள் காலை பஸ்ஸில் கேட்டாள்:

"ஏண்ணா, அவுங்க ரெண்டு பேரும் எதுக்கு இவ்ளோ சண்ட போட்டுக்கறாங்க? ஃபார்மேட்டர் போட்டா அதுவே எல்லா வரியையும் ஒரே மாதிரி அடுக்கிடும், முடிஞ்சிச்சில்ல?"

"யாரு சொல்ற மாதிரி ஃபார்மேட் பண்றது? அதுலதானே சண்டையே."

"யாரு சொல்றதும் வேணாம். அது எப்படி வருதோ அப்படியே வச்சிக்கலாம். பிடிக்கலன்னா ரெண்டு பேரும் சேந்து அத திட்டிக்கட்டும்."

ஆலப்பாக்கம் தாண்டும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். ஆபீஸ் போனதும் இருவரிடமும் அதைச் சொன்னேன்.

இருவரும் அரைமனதாக ஒப்புக்கொண்டார்கள். பாதியில் நின்ற வேலைகளை முதலில் சேர்த்து முடித்தோம். இல்லாவிட்டால் பழைய வடிவில் எழுதியதும் புதிய வடிவமும் எல்லா வரியிலும் மோதிக்கொள்ளும். பிறகு அவள் ஃபார்மேட்டரை மொத்தக் கோடின் மீதும் ஒருமுறை ஓட்டினாள். அந்த மாற்றத்தில் வேறு எதையும் கலக்காமல் தனியாகச் சேர்த்தாள். மேற்கோள் எல்லாம் இரட்டையாகிவிட்டது. வரிகள் ஸ்பேஸில் நின்றன. கடற்கரைக்காரன் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான்.

"எனக்கு புடிக்கல," என்றான். "ஆனா எல்லாம் ஒரே ஆளு எழுதுன மாதிரி இருக்கு."

"லின்ட்டரையும் ஓட்டிடறேன்," என்றாள் அவள். ஃபார்மேட்டர் தோற்றத்தை மட்டும் திருத்தும். லின்ட்டர், கோடை ஓட்டாமலே படித்து, தவறாகத் தெரிகிற இடங்களைச் சொல்லும். நீளமாக எச்சரிக்கைகள் வந்தன. பாதி, எப்போதோ எழுதி மறந்துபோன குப்பை. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றாள்.

"இங்க பாருங்கண்ணா. 'புதுத்தேதி'க்கு மதிப்பு குடுத்திருக்கு, ஆனா எங்கயுமே பயன்படுத்தலன்னு சொல்லுது."

நான்கு பேரும் அந்தத் திரையைச் சுற்றி நின்றோம். வெட்டு தள்ளிப்போனால் புதிய தேதியைக் கணக்கிடும் இடம் அது. கணக்குச் சரியாகவே நடந்திருந்தது. ஆனால் கீழே, செய்தி அனுப்பும் வரியில், பழைய தேதியே போட்டிருந்தது.

நெல்லிக்குப்பத்தான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். அவனுடைய மாமா ஒருவர் போன வாரம் விடிந்ததிலிருந்து வயலில் காத்துக் கிடந்திருக்கிறார். வெட்டு ஆட்கள் யாரும் வரவில்லை. செல்போனில் வந்த தேதி அதுதான் என்று அவனைப் பிடித்துத் திட்டியிருக்கிறார்.

"டவர் பிரச்சன, புது மெசேஜ் லேட்டா வந்திருக்கும்னு அவருக்கு சமாதானம் சொன்னேன்டா," என்றான். "நான் எழுதுன கோடு இது."

கடற்கரைக்காரன் தன் கணினியில் பழைய குறிப்புகளைத் திறந்தான். அந்தக் கோடைப் படித்துச் சரி சொன்னவன் அவன்தான். அவன் எழுதிய குறிப்புகள் எல்லாம் அங்கே இருந்தன. அந்தச் செய்தி வரிக்கே ஒன்று இருந்தது: ஒற்றை மேற்கோள் போடவும்.

"மச்சான், இந்த வரிலயேதான்டா நின்னிருக்கேன்," என்றான். "தேதிய பாக்கவே இல்ல."

இருவரும் நேருக்கு நேர் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. அன்று மத்தியானமே சேர்ந்து உட்கார்ந்து அதைத் திருத்தினார்கள். நெல்லிக்குப்பத்தான் மாமாவுக்கு போன் போட்டு, தப்பு டவருடையது அல்ல என்று சொன்னான். அவர் ஜாஸ்தி கோபப்படவில்லை. "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல," என்றாராம்.

அதன்பின் இரண்டு கருவியிலும் தேறினால்தான் கோடு சேரும் என்று வைத்துவிட்டோம். கோப்பைச் சேமித்தாலே வரிகள் தாமாக ஒழுங்காகிவிடும், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. லின்ட்டருக்கும் எல்லாம் தெரியாது. தேதி பயன்படுகிறதா என்று சொல்லும், சரியான தேதியா என்று சொல்லாது. அதை நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் என் கோடைப் படித்த கடற்கரைக்காரன் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருந்தான். மழை வந்து வெட்டு நின்றுபோனால் விவசாயிக்கு என்ன செய்தி போகும்? அதுவரை அதை யாருமே யோசித்ததில்லை. உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.