படச் சோதனையில் விட்ட பிழைகள்

வெள்ளவத்தையில் நான் நினைவாற்றலைப் பரிசோதிக்கும் அறைக்கு, கொச்சிக்கடைக் கிடங்கொன்றில் தலையில் அடிபட்ட தொழிலாளி ஒருவர் வந்தார். மூளையில் காயம்பட்டவர்கள்கூடப் பெரும்பாலும் சரியாகச் செய்யும் எளிய படச் சோதனையில் நிறையப் பிழைவிட்டார்.

“அண்ணை, இந்த முடிவை வச்சு உங்கட உண்மையான நினைவாற்றலைச் சொல்லேலாது. தலைநோவு, நித்திரையில்லாமை, பயம் எண்டு பல காரணம் இருக்கலாம். இண்டைக்கு உங்களுக்கு எப்பிடி இருந்தது?” என்றேன்.

“நான் பொய் சொல்லுறன் எண்டோ?” மேசையில் ஓங்கி அடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கொம்பனி டொக்டர் ரெண்டு நிமிசம் பாத்திட்டு நடிப்பெண்டார். நல்லாச் செய்தா எனக்குக் காயமெண்டு இனி ஆர் நம்புவினம்? அதான் வேணுமெண்டே பிழைவிட்டனான்.”

அந்த டொக்டர்மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. முழுதாக முயன்றால்தான் உண்மையான பாதிப்புத் தெரியும் என்று விளக்கி, அடுத்த கிழமை வேறு சோதனைகள் கொடுத்தேன். இம்முறை முயன்று செய்தார். கவனக் குறைபாடு உண்மையிலேயே இருந்தது. இரண்டு நாள் முடிவுகளையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதினேன்.