இரண்டு காது வைத்த முடிச்சு

என் மனைவியின் வலது கையையும் காலையும் வாதம் தாக்கியபோது நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். கால் மெதுவாகத் தேறியது. கை தேறவில்லை. சேலை கட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். மலைக்குக் கீழே ஈப்போ டவுனில் வாழ்க்கைப்பட்டிருந்த எங்கள் மகள் இரண்டு சல்வார் செட்டும் இரண்டு பைஜாமாவும் வாங்கி வந்து, "இனிமே இதுதாம்மா உங்களுக்கு. மேல போட்டுக்கிட்டா ஆச்சு" என்றாள்.

மேலே போடுவது சுலபம்தான். கீழேதான் தொல்லை. எல்லாவற்றுக்கும் இடுப்பில் நாடா. கடையில் வாங்கிய சல்வாரின் இடுப்பு இன்னும் ஒரு ஆள் உள்ளே நுழையும் அகலத்தில் இருந்தது. நாடாவை இழுத்துச் சுருக்கினால் துணி முன்பக்கம் பந்தாகக் கூடும். மிச்ச நாடா முழங்கால் வரை தொங்கும். அது காலில் சிக்கிக்கொள்ளுமோ, கழிவறையில் நனையுமோ, அடுப்பில் படுமோ என்று எனக்கு ஒரே கவலை. அதனால் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் நானே இறுக்கிக் கட்டி, மேலே இன்னொரு முடிச்சும் போட்டு, முனைகளை உள்ளே செருகிவிடுவேன். பிறகு கதவருகே போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பேன்.

"என்னங்க, தேயிலை மூட்டையா கட்டுறீங்க? லோரி வந்து நிக்குதா?" என்பாள்.

"அவுந்து விழுந்தா யாரு தூக்குறது?"

"விழுந்தா விழட்டும். வீட்ல என்ன துரையா உக்காந்திருக்காரு?"

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். ஃபிளாஸ்கில் ஆறு கோப்பை தேநீர் ஊற்றி வைத்துவிட்டுப் போவேன். மத்தியானம் சாப்பிட வரும்போது ஆறும் அப்படியே இருக்கும். கேட்டால், "குளிருல தாகமே எடுக்கல" என்பாள். மலையில் பனி இறங்கியிருந்த காலம். நம்பும்படியாகத்தான் இருந்தது.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டு, "சிறுநீர்ல கிருமி. தண்ணியே குடிக்கிறதில்ல போல" என்றார். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். விஷயம் கேட்டு மகளும் ஓடி வந்துவிட்டாள். அவள்தான் தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு, உண்மையை வாங்கினாள்.

"குடிச்சா போவணும். போவணும்னா முடிச்ச அவுக்கணும். ஒத்தக் கையால எங்க அவுக்குறது? அப்பா வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடப்பேன்."



மகள் ஒரு முடிவோடு எழுந்தாள். "அப்பாவால வேலைய விட முடியாது. உங்களாலயும் தனியா முடியல. தீபாவளிக்கு வரேன். அதுக்குள்ள உங்க நாடாவ நீங்களே கட்டி அவுத்தா சரி. இல்லன்னா எங்கூட ஈப்போவுக்கு வந்துடணும் லா. வாதாட வேணாம்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் என் மனைவிக்கு ஈப்போ வேண்டாம். "அங்க கதவத் தொறந்தா எதுத்த வீட்டுக் கதவுதான் தெரியும்" என்றாள் அன்றிரவு. "அப்புறம், பூட்டுன கதவ நீங்க எத்தன தடவ இழுத்துப் பாக்குறீங்கன்னு இங்க யாரு எண்ணுவா?"

மறுநாளே பயிற்சி தொடங்கினோம். முரட்டு முடிச்சைக் கைவிட்டு, காலில் போடும் சப்பாத்தின் கயிறு போல இரண்டு காது வைத்துக் கட்டச் சொன்னேன். அவிழ்ப்பது பாதி வெற்றி. தொங்கும் முனையை இடது கையால் இழுத்தால் முடிச்சு நெகிழ்ந்து வரும். ஆனால் அவசரத்தில் முனைக்குப் பதிலாகக் காதை இழுத்துவிடுவாள். முடிச்சு இறுகிவிடும். சில சமயம் முனை காதுக்குள் புகுந்துகொள்ளும். அதை இழுத்தால் கெட்டி முடிச்சாகிவிடும். கட்டுவதோ நடக்கவேயில்லை. ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்ளப் பார்த்தாள். இடுப்பு வரை வாய் எட்டுமா? நாடாவை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுத்தாள். நாடா மொத்தமும் உருவிக்கொண்டு வெளியே வந்தது. அதை ஊக்கில் குத்தி மடிப்புக்குள் திரும்ப நகர்த்தி எடுக்க எனக்கு ஒரு சாயங்காலம் போனது. அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவள் கேலி பேசவில்லை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்து, கொழுந்தெடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். மாலையில் மிதி மெஷினில் துணி தைப்பாள். தீபாவளி நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பிரிஞ்சாங் சந்தையில் கோஸ் வாங்கித் திரும்பியபோது அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். கழுத்தில் அளவு நாடா. என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்ன விஷயம்?"

"பொம்பளைங்க விஷயம், கிராணி ஐயா. நீங்க கோஸ எண்ணிக்கிட்டு இருங்க" என்றாள் அடுத்த வீட்டுக்காரி.

அந்த வாரம் முதல் மனைவி என்னைக் கட்ட விடவில்லை. "நானே கட்டிக்கிறேன்" என்று அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வந்து சட்டை ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவாள். முன்னால் அழகாக இரண்டு காது, கீழே இரண்டு முனை. எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கண் சும்மா இருக்குமா? இரண்டு முனைகளும் ஒரே நீளம். அடுத்த நாளும் ஒரே நீளம். இரண்டு கையும் சரியாக இருக்கிற நானே என் சப்பாத்துக் கயிற்றை அப்படிக் கட்டியதில்லை. கேட்கவில்லை. மத்தியானம் ஃபிளாஸ்கைத் தூக்கிப் பார்த்தேன். லேசாக இருந்தது. அதனால்தான் கேட்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் மகள் வந்தாள். கையில் ஒரு காலிப் பெட்டி. அதை எங்கள் கட்டிலடியில் வைத்துவிட்டு, "எங்க, காட்டுங்க பாப்போம்" என்றாள்.

மனைவி அறைக்குள் போய்த் திரும்பி வந்தாள். மகள் தாயின் சட்டை ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு, நான் பயந்தபடியே, ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். அது அவிழவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். அசையவில்லை. குனிந்து பார்த்தாள். முடிச்சின் நடுவில் நாலைந்து தையல்.

"அம்மா! இது தைச்சது!"

"ஆமா. நல்லா இல்ல?"

இடுப்பின் அகலத்தை இரண்டு பக்கமும் வெட்டிக் குறைத்து, ஆனால் பின்பக்கத்தைத் தாண்டி ஏறி இறங்கும் அளவுக்கு விட்டு, மடிப்புக்குள் நாடாவுக்குப் பதில் பட்டை எலாஸ்டிக் கோத்திருந்தது. இரண்டு விலாப் பக்கமும் உள்ளே ஒரு துணி வளையம். இடது கைக் கட்டைவிரலை அதில் மாட்டி ஒரு பக்கம் இறக்கி, கையை முன்னால் கொண்டுவந்து மறுபக்கம் இறக்கலாம். ஏற்றுவதும் அப்படியே. பழைய நாடாவிலிருந்து வெட்டிய துண்டைக் காது வைத்துக் கட்டி, வெறும் பார்வைக்கு முன்னால் தைத்திருந்தாள் அடுத்த வீட்டுக்காரி.

"எலாஸ்டிக் போதுமே. எதுக்கு இந்த முடிச்சு? என்னைய ஏமாத்தவா?" என்றாள் மகள்.

"உன்னையா? வீட்டுக்கு நாலு பேரு வராங்க. டிரெஸ்ஸர்கிட்ட போறேன். கட்டத் தெரியாத புள்ள மாரி நிக்கணுமா நானு?" என்றாள் தாய். பிறகு மெதுவாக, "உன்னையுந்தான்" என்றாள்.

மகள் எழுந்து போய்ப் பெரிய டம்ளரில் தேநீர் கொண்டுவந்து தாயின் இடது கையில் கொடுத்தாள். அவள் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பின்கட்டுக் கழிவறைக்கு நடந்தாள். நாங்கள் இருவரும் அடுப்படியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். நான் வாய்க்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியிருந்தேன்.

"எண்ணாதீங்கப்பா" என்றாள் மகள்.

மனைவி திரும்பி வந்தாள். துணி நனையவில்லை. முன்னால் முடிச்சு மட்டும் கொஞ்சம் கோணலாக இருந்தது. மகள் அதை நேராக்கிவிட்டாள்.

தீபாவளி முடிந்து அவள் ஈப்போவுக்குப் புறப்பட்டபோது அந்தப் பெட்டி கனத்தது. உள்ளே பிரிஞ்சாங் கோசும் தக்காளியும். பூட்டு சரியாக விழுந்ததா என்று நான் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். வாசலில் நின்ற மனைவி, "ரெண்டு" என்றாள். நான் மறுபடியும் இழுத்தேன்.

"மூணு."