இடையில் வைத்த இரும்பு

அந்தத் தெருவின் நான்கு பட்டறைகளிலும் வெல்டிங் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால், கம்பிச்சுருள் சுற்றும் ‘காயில்’ அக்காவிடம்தான் எடுத்துச் செல்வார்கள். செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றியே இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவர். யாரையும் எளிதில் நம்பமாட்டார். ஒவ்வொரு சுற்றையும் இரண்டு முறை எண்ணுவார். வேலை முடிந்ததும் போல்ட்டின் தலையிலிருந்து சட்டம்வரை மெல்லிய சிவப்புக் கோடு ஒன்றைத் தீட்டுவார். போல்ட்டைத் திருப்பினால் கோடு முறிந்துவிடும்.

கேட் செய்யும் பட்டறையின் முதலாளிக்கு மைத்துனர் ஒருவர் வந்து சேர்ந்தார். கழுத்தில் எந்நேரமும் மல்டிமீட்டர் தொங்கியதால், வேலையாட்கள் அவருக்கு ‘மீட்டர் மச்சான்’ என்று பெயர் வைத்தனர். அக்கா சுற்றிக் கொடுத்த டிரான்ஸ்பார்மரை அவர் அளந்து பார்த்தார். சும்மா இருக்கையில் எழுபத்தைந்து வோல்ட். வெல்டர் வெல்டிங் ராடை இரும்பில் தீட்டி, ஆர்க் என்னும் மின்பொறியை எழுப்பியதும் இருபத்தைந்து.

“மூணுல ரெண்டு பங்கு எங்க போச்சு?” என்று முதலாளியின் காதைக் கடித்தார். “வீட்டுக்கு வர்ற கரண்டு இப்படியா இறங்குது? அந்தம்மா செம்பைச் சுருட்டிட்டாங்க, மாமா.”

“இருபது வருஷப் பழக்கம்டா.”

“பழகினவங்கதான் மாமா எடுப்பாங்க. பழகாதவனை நீங்க உள்ளேயே விடமாட்டீங்களே!”

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை பூட்டியிருந்தபோது, அவர் தனியே வந்து டிரான்ஸ்பார்மரின் மூடியைத் திறந்தார். மேலே ஒரு சுருள், கீழே ஒரு சுருள். இரண்டுக்கும் நடுவில், தகடுகளை அடுக்கிச் செய்த இரும்புக் கட்டை ஒன்று. அதன்மேல் ஒரு சுற்றுக் கம்பிகூட இல்லை. எடுத்த செம்புக்கு ஈடாக எடை காட்ட வைத்த இரும்பு என்று அவர் முடிவு கட்டினார். இரண்டு போல்ட்டுகளைக் கழற்றிக் கட்டையை உருவி, சாட்சிப் பொருளாகச் செய்தித்தாளில் சுற்றி, மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் காலை வெல்டர் மெல்லிய குழாய் ஒன்றில் ராடை வைத்தார். ராடு ஒட்டிக்கொண்டு செக்கச்சிவந்தது. பிடுங்கி மீண்டும் தீட்டினார். ஆர்க் சீறிக் குழாயில் ஓட்டை போட்டது. மூன்றாம் முறை பட்டறையின் பியூஸே போய்விட்டது.

முதலாளி அக்காவுக்கு ஆள் அனுப்பினார். “உங்க வேலைதான் தப்புன்னா, இனி இந்த வாசல்ல உங்களுக்கு வேலை இல்லைம்மா,” என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் கைவிட்டால் மற்ற மூன்று பட்டறைகளும் கைவிடும் என்பதை அக்கா அறிவார்.

அவர் சுருளைத் தொடவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு போல்ட்டைப் பார்த்தார். சிவப்புக் கோடு முறிந்திருந்தது.

“யார் தொறந்தது?”

வெல்டர் மேற்கூரையைப் பார்த்தார். மைத்துனரின் கை மட்டும் சட்டைப்பையிலிருந்த சாவியைத் தடவியது. அக்காவின் பார்வை அந்தக் கையிலேயே நின்றது.

“நடுவுல இருந்த கட்டை எங்க, தம்பி?”

“அது வெறும் இரும்புதானே! எடைக்கு வெச்சது!”

“வெறும் இரும்பை எதுக்குத் தம்பி பூட்டி வெச்சீங்க?”

வெல்டர் சிரிப்பை அடக்க இருமினார். இழுப்பறை திறக்கப்பட்டது. அக்கா மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, கட்டையைப் பழைய இடத்தில் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கினார்.

“மேல்சுருளுக்குப் போகவேண்டிய காந்த ஓட்டத்துல ஒரு பங்கு இந்தக் கட்டை வழியா ஒதுங்கி ஓடிரும். கரண்டு கூடக்கூட ஒதுங்குறதும் கூடும், வோல்ட் இறங்கும். அதனாலதான் ராடு தொட்டாலும், கை நடுங்கினாலும் கரண்டு ரொம்ப எகிறாது. ஆர்க் நிலையா நிக்கும். தீட்டுறதுக்கு எழுபத்தைஞ்சு வேணும். எரியுறதுக்கு இருபத்தைஞ்சு போதும். இறங்கணும்னுதான் இதைச் செஞ்சதே. நீங்க அளந்தது சரிதான் தம்பி, நெனச்சதுதான் தப்பு.”

புதிய பியூஸ் போட்டார்கள். வெல்டர் ராடைத் தீட்டினார். ஆர்க் ஒரே சீராகப் பொரிந்தது. குழாயின் விளிம்பில் உலோகம் மீன்செதில் போல வரிசையாகப் படிந்தது. வெல்டர் வேண்டுமென்றே கையைச் சற்று உயர்த்தினார். ஆர்க் நீண்டதே தவிர அணையவில்லை. மீட்டர் இருபத்தைந்தையும் இருபத்தெட்டையும் சுற்றிவந்தது. மைத்துனர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். அதையும் நம்பவில்லை போலும்.

“அடுத்த மாசம் இன்னொரு டிரான்ஸ்பார்மர் வருதும்மா, நீங்கதான் சுத்தணும்,” என்றார் முதலாளி, எங்கோ பார்த்தபடி.

அக்கா பையிலிருந்து சிவப்பு வண்ணப் புட்டியை எடுத்தார். போல்ட்டின்மீது ஒரு கோடு தீட்டினார். அதன் அருகிலேயே இன்னொன்றும் தீட்டினார்.

“ஒண்ணு போதாதா?” என்றார் மைத்துனர்.

“ஒண்ணு போல்ட்டுக்கு. இன்னொண்ணு உங்களுக்கு, தம்பி.”