அண்ணனின் கண்ணும் அஞ்சடி டேப்பும்

"என் கண்ணுதான்டா டேப். ஒரு சதுரடிகூட என்னை எவனும் ஏமாத்த முடியாது!"

வாடகைக்கு இடம் பிடித்துத் தரும் தரகர், பேட்டையில் ‘சதுரடியார்’ என்று மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் வேறு விதமாகவும் அழைக்கப்பட்டவர், ஒரு டீக்கடை வாசலில் இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்டவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இருந்தாலும் பிரகடனம் பிரகடனம்தான். அன்று முதல் அவர் டேப்பைத் தொடவில்லை. வாசலில் நின்று ஒரு பார்வை, "ஆயிரம்!" என்று ஒரு வார்த்தை. அந்த எண் கட்டட முதலாளி சொன்ன எண்ணாகவே எப்போதும் இருந்தது என்பது அவருடைய கண்ணின் தனிச்சிறப்பு.

அவருடைய தங்கை தையற்காரி. வீட்டு ஹாலில் நாலு மெஷின் போட்டு, சாப்பாட்டு மேஜையிலேயே துணி வெட்டிக்கொண்டிருந்தவள். பத்து மெஷினுக்கு வேலை வந்துவிட்டது. மாத வாடகை முப்பதாயிரம், அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் மூச்சு முட்டும். இடம் போதாமல் போனால் வந்த வேலை வேறு வாசலைத் தேடிப் போய்விடும்.

அண்ணன் புதுக் கட்டடம் ஒன்றின் முதல் மாடிக்கு அழைத்துப் போனார். பளபளவென்று தரை, லிஃப்ட், கீழே காவலாளிக்குத் தனி அறை.

"ஆயிரம் சதுரடிம்மா. அடிக்கு முப்பது ரூபா. கரெக்டா முப்பதாயிரம். நம்ம அதிர்ஷ்டத்தைப் பாரு!"

"அந்தப் பின் தெருப் பழைய கடை, அண்ணா?"

"அதுவா? அடிக்கு நாப்பத்திரண்டு கேக்குறான். கொள்ளைக்காரன். கார்பெட் ஏரியா கணக்காம். கார்பெட்டு விரிக்கவா போறோம்?"

தங்கை கழுத்தில் தொங்கிய அஞ்சடி இஞ்ச் டேப்பை எடுத்தாள். சுவருக்குச் சுவர் விரித்தாள். நீளவாக்கில் ஆறு தடவை. அகலத்தில் நாலு.

"முப்பதுக்கு இருபது. அறுநூறு வருதே, அண்ணா?"

சதுரடியாரின் முகம் அனுபவசாலியின் புன்னகையைப் பூண்டது. "அது உள்ளே நடக்குற இடம் மட்டும்மா, கார்பெட் ஏரியா. சுவரோட கனம், பின்னால இருக்கற பால்கனி எல்லாம் சேத்தா எழுநூத்தம்பது. அது பில்ட்டப். படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, காவலாளி ரூமு, இதுல எல்லாம் நம்ம பங்கு எரநூத்தம்பது. மொத்தம் ஆயிரம், சூப்பர் பில்ட்டப்!" ‘சூப்பர்’ என்ற சொல்லைப் பரிசுக் கோப்பையைத் தூக்கிக் காட்டுவது போல் சொன்னார்.

"சரி. இதுல மெஷின் எங்க போடுறது?"

"உள்ளேதான்."

"சுவருக்குள்ளயா? லிஃப்டுக்குள்ளயா? காவலாளி மடியில ஒண்ணு வெக்கலாமா?"

அண்ணன் இருமினார். சாவியோடு நின்றிருந்த கட்டட முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பி, வானத்தின் நிலவரத்தை ஆராய்ந்தார்.

"அப்ப நான் அடிக்கு முப்பது குடுக்கல. முப்பதாயிரத்தை எழுநூத்தம்பதால வகுத்தாலே நாப்பது. அறுநூறால வகுத்தா அம்பது. அம்பது ரூபாண்ணா, ஒரு அடிக்கு!"

பின் தெருக்கடையில் லிஃப்ட் இல்லை. சுவரில் பழைய காலண்டர் ஆணிகள் நிறைய இருந்தன. டேப் அஞ்சு தடவையும் மூணு அடியும் போயிற்று. குறுக்கே அஞ்சு தடவை. எழுநூறு சதுரடி, அடிக்கு நாப்பத்திரண்டு, இருபத்தொன்பதாயிரத்து நானூறு. கொள்ளைக்காரர் என்று பட்டம் பெற்றவர் படிக்கட்டுக்குக் காசு கேட்கவில்லை. வெட்டு மேஜையைச் சுற்றி ஆள் நடக்கவும், பத்து மெஷினும் நிற்கவும் இடம் கிடைத்தது. தங்கை அங்கேயே முன்பணம் கொடுத்தாள்.

"உன் கண்ணு நல்ல கண்ணுதாண்ணா. சுவரையும் தாண்டிப் பாக்குது, அவ்வளவுதான்" என்றாள். அண்ணன் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பற்கள் மட்டும் கலந்துகொண்டன.

கடை திறந்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம் அண்ணன் வந்து நின்றார். மெஷின்கள் தடதடத்துக்கொண்டிருந்தன.

"அந்த டேப்பைக் கொஞ்சம் குடேன்."

"எதுக்குண்ணா?"

"சும்மா."

அவருடைய ஆபீஸ் தரைத்தளத்தில் ஓர் அறை. இருநூறு சதுரடி, அடிக்கு ஐம்பது, மாதம் பத்தாயிரம். தன் கண்ணாலேயே பார்த்து, தானே பேசி முடித்த இடம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்தார். நீளத்துக்கு ரெண்டு டேப்பும் ரெண்டரை அடியும். அகலத்துக்கு ரெண்டு டேப். நூற்றிருபத்தைந்து. மறுபடியும் அளந்தார், கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கூட. நூற்றிருபத்தைந்துதான். பத்தாயிரத்தை வகுத்தார். எண்பது.

வாசலுக்கு வந்து, மாதாமாதம் தன் வாடகையிலும் பங்கு வாங்கும் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்தார். தரைத்தளத்துக்காரர், ஒருநாளும் அதில் ஏறியதில்லை. உள்ளே போய், பொத்தானை அழுத்தி, மொட்டை மாடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.