பதினொன்றே முக்கால் சீட்டு

ரத்ததான முகாமில் காத்திருக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. நாரணாபுரம் பள்ளிக்கூடத்தில் முந்தின வருஷம் வெயிலில் வரிசையில் நின்றே இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதனால் மறுவருஷம் நானே நேரம் எழுதிய சீட்டு முறை கொண்டுவந்தேன். நான்கு கட்டில், கால் மணிக்கு இரண்டு பேர். முதல் நாளே பட்டாசுக் கம்பெனி ஒவ்வொன்றாகப் போய், கடைசியாக ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆயிற்றா, மஞ்சள் காமாலை வந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுத்தான் சீட்டு எழுதினேன். வெடிமருந்து கலக்குகிறவர்களிடம் மட்டும், ரத்தம் கொடுத்த அன்று வேலைக்குப் போகக்கூடாது, லீவு சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். தலை சுற்றினால் ஆபத்து அல்லவா.

அப்படி மருந்து கலக்குகிறவர் ஒருவர் லீவு சொல்லிவிட்டுத்தான் வந்தார். பதினொன்றே முக்கால் சீட்டுக்கு ஒன்பது மணிக்கே வந்து நின்றார்.

"சாப்பிட்டீகளா?"

"இல்லக்கா. குடுத்துட்டுச் சாப்பிடலாம்னு."

"வெறும் வயித்துல எடுக்க மாட்டோம். போய்ச் சாப்பிட்டுட்டு உங்க நேரத்துக்கு வாங்க."

"இங்கனயே ஓரமா உக்காந்துக்கிறேனே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஆளாளுக்கு உக்காந்தா சீட்டு எதுக்கு? கெளம்புங்க."

அவர் சிரித்தார். "அப்பச் சரிக்கா. கம்பெனி பக்கந்தான். சாப்பிட்டுட்டு, அம்புட்டு நேரம் சும்மா இருக்காம கொஞ்சம் மருந்து கலந்து வச்சுட்டு வாரேன்."

அது என் காதில் நன்றாக விழுந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரத்தம் கொடுத்த பிறகுதானே வேலை கூடாது, முன்னால் செய்தால் என்ன என்று நினைத்தேன். "பிந்தாதீக" என்று மட்டும் சொன்னேன்.

பதினொன்றரை வாக்கில் ஒரு சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தத்துக்கெல்லாம் யார் தலையைத் தூக்குகிறார்கள்? வெடி போட்டுப் பார்க்கிறார்கள் என்று நினைத்தோம். பன்னிரண்டு ஆகியும் அவர் வரவில்லை. அவர் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதி, இதற்குத்தான் சொல்லிச் சொல்லி அனுப்புவது என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்தவரைக் கட்டிலுக்குக் கூப்பிட்டேன். அன்று ஒருவரும் கால் மணிக்கு மேல் காத்திருக்கவில்லை. டாக்டர் எல்லார் முன்னாலும் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தபோதுதான், அந்தச் சத்தம் அவர் மருந்து கலந்த அறையில், அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கையில் கட்டோடு படுத்திருந்த அவருடைய கூட்டாளி என்னை அடையாளம் கண்டுகொண்டார். என்மேல் அவருக்கு ஒரு கோபமும் இல்லை.

"நேரமாச்சு, அந்த அக்கா வையும்னு கடைசிக் கலவைய விறுவிறுன்னு கலக்குனாருக்கா. மெதுவாச் செய்யுங்கண்ணேன்னு சொன்னேன். கேக்கல."

அன்று அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்கப்புறமும் எத்தனையோ முகாமுக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன். யாராவது நேரத்துக்கு முன்னால் வந்தால் ஒரு பன்னும் டீயும் கொடுத்து, என் மேஜை ஓரத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவேன். எழுந்திருக்க விடுவதில்லை.