டிங் என்ற சத்தமும் சிவப்பு அட்டையும்

டிங். புஞ்சாக் ஆலாம் ரொட்டிச்சானாய்க் கடையில், பக்கத்து மேசைச் சிறுமியின் கைப்பேசியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சின்னது, இனிப்பானது, கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டியது போல. சரியான விடையைத் தொட்டிருக்கிறாள். அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். என்னால் போக முடியவில்லை. மேசையில் என் தேத்தாரே, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர், ஆறிப்போனது.

அதைப் போன்ற சத்தங்களைப் பொறுக்கி எடுத்து வைப்பதும் என் பிழைப்பில் ஒரு பகுதி. பயிற்சிச் செயலிகளுக்குப் பாடப்படிகள் எழுதுகிறேன். ஒரு பாடத்தை முப்பது, நாற்பது துண்டுகளாக உடைப்பது. ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு காரியத்தைக் கேட்பது. விடை வந்த கணமே சரியா என்று சொல்லிவிடுவது. புது வித்தை என்று சொல்வார்கள். ஆனால் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோதே நூலகத்தின் கடைசி அலமாரியில் இப்படி ஒரு பழைய பாடப்புத்தகம் கிடந்தது. பக்கமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். ஓரத்தில் விடைகள். ஓர் அட்டைத் துண்டால் விடையை மறைத்துக்கொண்டு, கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு, அட்டையைக் கீழே இழுத்துப் பார்க்க வேண்டும். அட்டை ஓரம் அழுக்கேறியிருந்தது. எத்தனை பேருடைய விரல்களோ.

அங்கே எனக்குச் சொல்லப்பட்டதில் இரண்டு விஷயங்கள் நினைவிருக்கின்றன. படிப்பவர் தவறினால் அவரைத் திட்டாதே, படியைத் திருத்து. கொடுக்கும் உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கு. முதலாவதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டாவதை அரைகுறையாக.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவள். அவள் பிறப்பை யாரும் பதியவில்லை. அன்று அது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது. நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிறந்தேன். பிறப்பு பதிவானதால் என் அடையாள அட்டை குடிமக்களுக்குரிய நீலம், அவளுடையது குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு. ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்த இருவர். அந்தச் சிவப்பை ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கி விளக்கியே அவள் வாய் சலித்துப்போனது. அறுபதைத் தாண்டியபோது ஒரே ஆசைதான் மிச்சம்.

"சாவுறதுக்குள்ள அந்த நீலத்த ஒரு தடவ கையில புடிச்சிப் பாத்துடணும் தங்கச்சி. அப்புறம் அதையும் என்னையும் சேத்துப் பொதச்சிடுங்க, பரவால்ல."

குடியுரிமைக்கு நேர்காணல் உண்டு. அதில் மலாயில் கேள்விகள் கேட்பார்கள். அக்காவுக்கு மலாய் தெரியாமல் இல்லை. சுங்கை செம்பிலாங் போய் மீன்காரரிடம் விலை பேசினால் அந்த ஆள் சிரித்துக்கொண்டே குறைத்துக் கொடுப்பார். ஆனால் அலுவலக மலாய் வேறு. அங்கே அவள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நான் சொன்னேன், நான் இருக்கேன்ல.

அவளுக்காக மட்டும் ஒரு பாடம் எழுதினேன். சிலாங்கூரின் தலைநகரம் ஷா ஆலாம். அடுத்த படி: சிலாங்கூரின் தலைநகரம் ஷா, பிறகு ஒரு கோடு. அடுத்தது: ஒரே ஓர் எழுத்து, பிறகு கோடு. கடைசியில் வெறும் கேள்வி. கைப்பேசி மலாயில் கேட்கும், அவள் மலாயில் வாயால் சொல்வாள், டிங் கேட்கும். மாநிலங்கள் எத்தனை, கொடியில் எத்தனை நிறம், நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள். எல்லாம் அப்படியே, சிறுசிறு அடியாய்.

தவறான விடைக்குச் செயலியில் ஒரு கரகரத்த ஒலி உண்டு. முதல் நாள் அதைக் கேட்டதும் அக்கா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

"தோட்டத்துல மண்டோர் வேலக்காரங்கள அதட்டுற மாதிரி இருக்கு. வேணாம் லா."

அன்றே அந்த ஒலியை எடுத்துவிட்டேன். சரியென்றால் டிங். தவறென்றால் எதுவும் இல்லை, அமைதி, பிறகு அதே கேள்வி மறுபடியும் வரும், பக்கத்தில் ஓர் எழுத்து உதவிக்கு. அந்த அமைதிக்காக நான் பெருமைப்பட்டேன்.

மூன்று மாதம் போனது. ஒவ்வொரு நாள் மாலையும் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பழகினாள். எழுத்து உதவிகளை நான் ஒவ்வொன்றாய் உருவினேன். டிங்கை உருவவில்லை. அந்தச் சத்தம் கேட்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை எப்படி எடுப்பது? டிங் கேட்காவிட்டால் உடனே விடையை மாற்றிச் சொல்வாள். அது புத்திசாலித்தனம் என்று நினைத்தேன்.

நேர்காணல் அறையின் கதவு திறந்தே இருந்தது. நான் வெளிப் பெஞ்சில். அதிகாரி இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சிலாங்கூரின் தலைநகரம் எது என்று கேட்டார்.

"ஷா ஆலாம்," என்றாள் அக்கா. தெளிவாக. என் கை தானாக மடியில் தட்டியது.

அதிகாரி தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். அறையில் பேனாவின் சத்தம் மட்டும். ஒரு நொடி. இரண்டு. அக்காவின் தோள் மெல்லச் சுருங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

"இல்ல... கோலாலம்பூர்," என்று மாற்றினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாநிலங்கள் எத்தனை? பதின்மூன்று என்றாள், சரியான விடை, அமைதி, பதினான்கு என்றாள். கொடியில் நான்கு நிறம், அமைதி, மூன்று. அவள் கடைசியாகச் சொன்னதைத்தான் அவர் எழுதியிருப்பார். வேறு எதை எழுதுவார்? நான் எழுந்து நின்றேன். உள்ளே போய் என்ன சொல்வது? ஐயா, நீங்கள் ஒரு டிங் சொல்லியிருந்தால் போதும் என்றா?

பிறகு கடிதம் வந்தது: விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, மீண்டும் மனுச் செய்யலாம். அக்கா மனுச் செய்யவில்லை. கைப்பேசியில் அந்தப் பாடத்தைத் திறக்கவுமில்லை. டிங் இல்லாத பாடம் ஒன்று எழுதிக் கொண்டுபோனேன். காபி போட்டுக் கொடுத்தாள், வேறு பேச்சு பேசினாள்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது அந்த நேர்காணல் நாளின் கார்ப் பயணத்துக்குத்தான். செம்பனை மரங்களுக்கு நடுவே சாலை. அக்கா சேலை முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் தப்பாப் போச்சா?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாலையைப் பார்த்தேன்.

"பாரு, நீயும் சும்மா இருக்கே. அப்ப தப்புதான்."

"இல்லக்கா." காரின் வேகத்தைக் குறைத்தேன். "மொதல்ல சொன்ன எல்லாமே சரி. எல்லாமே. மாத்தினதுதான் தப்பு."

அவள் குடியிருக்கும் தோட்டத்தின் வாசல் வந்தது. காரை நிறுத்தினேன். அவள் உடனே இறங்கவில்லை. கதவைத் திறந்து, ஒரு காலை மண்ணில் வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை அந்த முகத்தில். அதைவிட மோசமாக, வெறும் வியப்பு.

"சரியா சொன்னேனா? அப்ப சரின்னு ஒருத்தரும் சொல்லலியே, தங்கச்சி."